பட்டா இன்னும் தாத்தா பெயரில்: வாரிசாக வந்த நிலத்தின் காகிதங்களைப் படிக்கும் முறை

மாமா இறந்து ஆறு மாதம் கழித்து மச்சான் ஒரு மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே 1968-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று, ஒரு கட்டு தீர்வை ரசீது, மடிப்பில் கிழிந்த பட்டா நகல் ஒன்று. சங்கரன்கோவில் பக்கம் தாத்தா வாங்கிய கரிசல் காடு, 88 செண்டு. "பட்டாவும் சிட்டாவும் ஒண்ணா, வேறயா? முதல்ல எதை எடுத்துட்டு எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையும் அந்த நிலத்தில் நாங்கள் பார்த்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அப்பா, தாத்தா வழியில் நிலம் வந்து, அதன் காகிதங்களை முதல் முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கானது இது.

முதலில் இரண்டு அலுவலகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நிலக் காகிதங்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்தவை. யார் யாருக்கு விற்றார், தானம் கொடுத்தார், தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலை எழுதினார் என்பதை அங்கே பதிவார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஐந்தும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் கிராம நிர்வாக அலுவலரையும், அதாவது வி.ஏ.ஓ.வையும் சேர்ந்தவை. இவை நிலவரிக் கணக்கிலிருந்து வந்தவை. இந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்ட வேண்டும் என்பதுதான் அவற்றின் ஆதிக் கேள்வி.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பத்திரம் உங்கள் பெயரில் இருந்து பட்டா வேறு பெயரில் இருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். பட்டா மட்டும் உரிமைக்கு மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பட்டா இல்லாமல் கடனோ மின் இணைப்போ வாங்குவது பெரும்பாடு. விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் கேட்பதே அதைத்தான். ஆகவே உங்கள் வேலை இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது.

சொற்கள்

பட்டா என்பது ஒரு வருவாய்க் கிராமத்தில் ஒருவர் பெயரிலோ சிலர் பெயரிலோ உள்ள நிலங்களுக்கு வருவாய்த் துறை தரும் சான்று. ஒரு பட்டா எண்ணின் கீழ் ஒரே ஒரு புல எண்ணும், அதாவது சர்வே எண்ணும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம்.

சிட்டா என்பது அந்தப் பட்டாதாரருக்குக் கிராமக் கணக்கில் உள்ள பக்கம். அவருக்கு எந்தெந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பு, நன்செயா புன்செயா, தீர்வை எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்கும். முன்பு இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது. இப்போது eservices.tn.gov.in தளத்தில் எடுக்கும் ஒரே தாளில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. தாளின் தலைப்பில் "நில உரிமை விபரங்கள் : இ. எண் 10(1) பிரிவு" என்று இருக்கும். ஊரில் பெரியவர்கள் பத்து-ஒண்ணு என்று சொன்னால் அது இதுதான்.

அடங்கல் வேறு வகை. பட்டா ஆளை வைத்துப் போகும், அடங்கல் புல எண்ணை வைத்துப் போகும். இந்தப் பசலியில் இந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு அது. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் கேட்பார்கள். வெளியூரில் இருக்கும் வாரிசுகள் இதை ஒரு முறையாவது வாங்கிப் பார்ப்பது நல்லது. தரிசாகக் கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கும் நிலத்தில் மக்காச்சோளம் விளைந்ததாகப் பதிவாகியிருந்தால், அங்கே யாரோ உழுகிறார் என்று அர்த்தம்.

அ-பதிவேடு இவற்றுக்கெல்லாம் அடித்தளம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் பழைய எண் என்ன, ரயத்துவாரியா அரசு நிலமா, மண் வகை என்ன, பரப்பு எவ்வளவு என்பதெல்லாம் இதில் வரிசையாக இருக்கும். புறம்போக்கு, மேய்க்கால், வண்டிப்பாதை, ஓடை என்று ஒரு புலம் வகைப்படுத்தப்பட்டிருந்தால் அது தெரியவருவதும் இங்கேதான்.

புலப்படம் என்பது அந்தப் புலத்தின் அளவு வரைபடம். எஃப்.எம்.பி. என்றுதான் சர்வேயர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் உட்பிரிவுக் கோடுகளும் அதில் இருக்கும். நிலத்தில் கல் எங்கே இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

கணினியில் தேடுவதற்கு முன்னால்

தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுக்க வேண்டும். புதிதாகத் தேடுகிறவர்கள் இடறி விழுவது கிராமத்தில்தான். அங்கே வரும் பெயர் வருவாய்க் கிராமத்தின் பெயர். நாம் ஊர் என்று சொல்வது அந்த வருவாய்க் கிராமத்துக்குள் இருக்கும் ஒரு குக்கிராமமாக இருக்கலாம். எங்கள் தாத்தாவின் ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் பெயரில்தான் நிலம் வந்தது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். மாவட்டமும் மாறியிருக்கலாம். பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தது. 2019-க்குப் பிறகு அது தென்காசி.

ஆள் பெயரை நம்பித் தேடாதீர்கள். பெயரின் எழுத்து மாறும், ஆள் மாறுவார். புல எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு முறை மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், கிராமக் கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். ஏக்கர்-செண்டு ஹெக்டேர்-ஏராக மாறியது, பல புலங்களுக்குப் புதிய உட்பிரிவும் வந்தது. அதற்கு முந்தைய பத்திரம் உங்களிடம் இருந்தால், அதில் உள்ள எண் இன்று எந்த எண் என்று அ-பதிவேட்டைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

88 செண்டு 83 செண்டான கதை

தாத்தாவின் பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி இருந்தது: ச.எண் 142/3-இல் 1 ஏக்கர் 76 செண்டில் தென்புறம் 88 செண்டு. வடபுறம் மீதி 88 செண்டைத் தாத்தாவின் தம்பி அதே வாரம் தனிப் பத்திரமாக வாங்கியிருந்தார்.

இணையத்தில் எடுத்த பட்டாவில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக இருந்தது. கீழே புல எண் 142, உட்பிரிவு 3A. அடுத்த வரியில் 142, 3B. 3A-க்கு நேரே புன்செய்ப் பத்தியில் 0 - 35.50, 3B-க்கு நேரே 0 - 33.50. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், செண்டில் சொன்னால் 2.47. அப்படியானால் எங்கள் தென்புறத்து 3B-இன் 33.50 ஏர் கிட்டத்தட்ட 82.8 செண்டு. பத்திரத்தில் 88, பட்டாவில் 83. ஐந்து செண்டு குறைகிறது.

மச்சான் அப்போதே சின்னத் தாத்தா வீட்டார்மேல் சந்தேகப்பட்டான். ஆனால் அவர்கள் பக்கம் 35.50 ஏர், அதாவது 87.7 செண்டு. பத்திரத்தில் உள்ள 88-க்குச் சரியாகவே இருக்கிறது, ஒன்றும் கூடவில்லை. அப்படியானால் அந்த ஐந்து செண்டு எங்கே?

மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம். 1 ஏக்கர் 76 செண்டு என்பது 71.2 ஏர். 3A-யும் 3B-யும் சேர்ந்தால் 69 ஏர். மிச்சம் 2.2. புலப்படத்தை எடுத்தபோது 3B-இன் தென்கோடியில் ஒல்லியாக இன்னொரு உட்பிரிவு இருந்தது, 3C. அ-பதிவேட்டில் 142/3C, 0 - 02.20, வண்டிப்பாதை. நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் பாதை அங்கே இருக்கிறது. ஊர் டிராக்டர்கள் அதில்தான் போகின்றன. ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போய்வந்த பாதையைக் கணக்கு எழுதும்போது தனி உட்பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். நாற்பது வருடமாக யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதை மீட்கப் போராடுவதில் பயனில்லை என்று விட்டுவிட்டோம். எந்தப் பக்கத்துக்காரரும் வேலியை நகர்த்தவில்லை என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

உங்களுக்கும் பரப்பு பொருந்தாவிட்டால் இதே வரிசையில் பாருங்கள். உங்கள் உட்பிரிவை மட்டும் பார்க்காமல், தாய்ப் புல எண்ணின் எல்லா உட்பிரிவுகளையும் எடுத்துக் கூட்டுங்கள். குறைவது பக்கத்து உட்பிரிவில் கூடியிருந்தால் அது ஒரு வகைப் பிரச்சினை. பாதை, வாய்க்கால் என்று போயிருந்தால் வேறு வகை. மொத்தமே குறைந்தால், பழைய பத்திரத்தில் பரப்பைக் கண்மதிப்பாக எழுதியிருக்கலாம். குறுக்கம், மரக்கால் விதைப்பாடு என்று அளவு சொல்லும் பழைய பத்திரங்களில் இது சகஜம். அவற்றை நீங்களாகச் செண்டாக மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். நான்கெல்லையை, அதாவது செக்குபந்தியைப் படித்து, யார் யார் நிலத்துக்கு நடுவில் என்று பார்ப்பதே நம்பகமானது.

வில்லங்கச் சான்று

ஒரு நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் இது. tnreginet.gov.in தளத்தில் கிராமமும் புல எண்ணும் கொடுத்துப் பார்க்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 142/3B என்று மட்டும் தேடினால், உட்பிரிவு ஆவதற்கு முன் எழுதிய பத்திரங்கள் வராமல் போகலாம். அவை 142/3 என்ற எண்ணில் பதிவாகியிருக்கும். இரண்டையும் தேடுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். மூலப்பத்திரம் காணாமல் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம். பதிவு எண்ணும் வருடமும் தெரிந்தால் அங்கேயே சான்றிட்ட நகல் தருவார்கள், அந்த எண்ணே வில்லங்கச் சான்றில்தான் இருக்கும்.

ஒருவர் இறந்து வாரிசுக்கு நிலம் வந்தது வில்லங்கச் சான்றில் தெரியாது. பதிவு செய்யாத உயிலும் தெரியாது. வில்லங்கம் இல்லை என்று வந்தால், அந்தக் காலத்தில் பதிவான பத்திரம் எதுவும் அகப்படவில்லை என்பதுதான் பொருள்.

யார் யார் வாரிசு?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். மச்சானின் நினைப்பில் அந்த நிலம் முழுக்க அவனுடையது: தாத்தா, அப்புறம் அப்பா, அப்புறம் தான். எங்கள் ஊர்ப் பக்கம் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயில் எதுவும் எழுதவில்லை. 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்தபோது ஆச்சி, மாமா, பெரியம்மா, எங்கள் அம்மா நான்கு பேருக்கும் சமமாகக் கால் பங்கு. பிறகு ஆச்சியும் இறந்தார்; அவர் கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் போயிற்று. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று. மாமா இறந்ததும் அவருடைய மூன்றில் ஒன்று அத்தை, மச்சான், அவன் தங்கை மூவருக்கும். மச்சானின் சொந்தப் பங்கு ஒன்பதில் ஒன்று, 83 செண்டில் சுமார் 9 செண்டு.

இதை அவனிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்திருந்தால் வி.ஏ.ஓ. விசாரணையிலேயே நின்றிருக்கும். யாரிடமாவது முன்பணம் வாங்கிய பிறகு தெரிந்திருந்தால் இன்னும் மோசம்.

இறந்தவர் ஆணாக இருந்து, அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் தாயாருக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடுவது இதைத்தான். பரம்பரைச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டமே வேறு. அப்படிப்பட்டவர்கள் பங்கு போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

வாரிசுச் சான்று வட்டாட்சியர் தருவது; இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் எத்தனை பேர் இறந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். எங்களுக்குத் தாத்தா, ஆச்சி, மாமா என்று மூன்று ஜோடி. ஆச்சியின் இறப்பை யாருமே பதியவில்லை. ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்டால் கோட்டாட்சியர் ஆணை வாங்கித்தான் பதிய முடியும். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது அந்த ஒன்றுக்குத்தான். ஆகவே மற்றதெல்லாம் தொடங்கும் முன் இறப்புச் சான்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பட்டா மாறுதல்

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லா வாரிசுகளும் ஒத்துக்கொண்டு எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுவது ஒன்று. வாரிசுச் சான்றுகளே இதற்குப் போதும். ஒருவர் பெயருக்கோ பங்கு பிரித்தோ வேண்டுமென்றால், முதலில் பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ வேண்டும். "எனக்கு வேண்டாம், அவனே வச்சுக்கட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எந்த அலுவலகத்திலும் எடுபடாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவதும் அப்படியே.

எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் மச்சானுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அம்மா, தாத்தா கிணற்று மேட்டில் வைத்த வேப்பமரத்தை மட்டும் வெட்டக் கூடாது என்று அவனிடம் சொன்னார். அத்தையும் தங்கையும் பங்கை விடவில்லை, விடவும் தேவையில்லை. ஆக மூன்று பெயரில் பட்டா.

விண்ணப்பத்தை tamilnilam.tn.gov.in/citizen தளத்திலோ இ-சேவை மையத்திலோ போடலாம். உட்பிரிவு தேவையா, தேவையில்லையா என்று அதில் கேட்கும். ஏற்கெனவே புலப்படத்தில் தனிக் கோடு இருக்கும் நிலத்துக்குப் பெயர் மட்டும் மாறுகிறது என்றால் உட்பிரிவு தேவையில்லை, வி.ஏ.ஓ. அறிக்கையோடு முடியும். ஒரே உட்பிரிவை வெட்டி இரண்டாக்க வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளந்து புதுக் கோடு போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கூடுதல் நாளும் ஆகும். எங்களுக்கு 3B ஏற்கெனவே தனியாக இருந்தது. கூட்டுப் பட்டாவில் யாருக்கு எந்த உட்பிரிவு என்று எழுதியிருக்காது என்பதால், இரண்டு தாத்தாக்களின் பத்திரங்களையும் காட்டி, தென்புறம் எங்களுடையது என்று நிறுவ வேண்டியிருந்தது. சின்னத் தாத்தாவின் மகனை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிட்டோம். வி.ஏ.ஓ. விசாரணைக்கு அவரும் வந்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நோட்டீஸ் போய்த்தான் அவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று விட்டிருந்தால், எதற்கு இது என்ற கேள்வியே பகையாகியிருக்கும்.

மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் பாருங்கள். ஆவணம் போதவில்லை என்றால் சேர்த்துப் புதிதாகப் போடலாம். வட்டாட்சியர் ஆணையே தவறு என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஆனால் நிலம் யாருடையது என்பதிலேயே தகராறு என்றால் அதை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம்தான்.

வந்திருப்பது காடு கழனியாக இல்லாமல் வீட்டு மனையாக இருந்தால் காகிதப் பெயர்கள் கொஞ்சம் மாறும். கிராமத்துக் குடியிருப்பு மனை நத்தம் கணக்கில் இருக்கும், அதற்கு நத்தம் பட்டா. நகர அளவை முடிந்த இடங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று தேட வேண்டும். லேஅவுட்டில் வாங்கிய மனை என்றால், பட்டா இன்னும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே கிடப்பது அடிக்கடி நடக்கும்.

புதுப் பட்டா வந்ததும்

தாளை அச்செடுத்து உடனே மூன்றைச் சரிபாருங்கள்: எல்லார் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா, உட்பிரிவு எழுத்து சரியா, பரப்பு பழைய பட்டாவோடு ஒத்துப்போகிறதா. எங்கள் தாளில் மச்சானின் தங்கை பெயருக்குப் பக்கத்தில் மகள் என்று வர வேண்டிய இடத்தில் மனைவி என்று இருந்தது. அப்போதே மனு கொடுத்ததால் திருத்தம் எளிதாக முடிந்தது. கடைசிப் பத்தியான குறிப்புரையில் ஆணை எண்ணும் தேதியும் இருக்கும். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பசலிக்கான தீர்வையைப் புதுப் பெயரில் கட்டி ரசீது வாங்கி, தாத்தா காலத்து ரசீதுகளோடு அதே பையில் போட்டு வையுங்கள்.